ஊத்துக்கண் டீமின் கடைசி மெயில்

ஆரோக்கியம் சார் கூரையில் முட்டிக்கொண்டு இருந்தார். மணி இரண்டே கால். ஆறு மணிக்கு மேல் எங்கள் டீம் என்று ஒன்று இருக்காது, ஆறு மணிக்கே இந்த அறையையும் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும், அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனால் தடுக்கக் கூரை இல்லாததால் மேலே போய்க்கொண்டே இருப்பார், திரும்பி வரமாட்டார். விஷயம் இவ்வளவுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

"கண்ணு, மறந்தும் அந்த ஃபேனைப் போட்றாதே," என்றார் மேலே இருந்து.

"போடலை சார். ஸ்விட்ச் மேல டேப் ஒட்டியிருக்கு."

"டேப்பை நம்பாதே. கனகு வேர்க்குதுன்னு பிச்சாலும் பிச்சிருவா."

கனகு அக்கா தன் நாற்காலியில் கயிறு கட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏனுங் சார், நானா பிச்சேன் போன வாரம்? ஷாஜகான் அண்ணன்தான். பழியை மட்டும் என் தலையில வையுங்க," என்றாள். சொன்ன வேகத்தில் நாற்காலியோடு அரை அடி எழும்பி, மெதுவாக இறங்கினாள்.

நான் கோபிகா. பன்னிரண்டாவது முடித்தேன், காலேஜ் பிடிக்கவில்லை, போகவில்லை. நீலாம்பரி பம்ப்ஸில் பயிற்சி ஆளாகச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. கோயம்புத்தூரில் கணபதிக்குப் பக்கத்தில் பவுண்டரி, பவுண்டரிக்குப் பின்னால் ஒரு நீள அறை, அந்த அறையில் ஆறு பேர். பம்ப் ஓடவில்லை, தண்ணி வரவில்லை, மோட்டார் சூடாகிறது என்று யார் எந்த ஊரில் இருந்து கூப்பிட்டாலும் மெயில் போட்டாலும் அது எங்களிடம்தான் வரும். எங்களுக்கு ஊத்துக்கண் டீம் என்று பெயர். கதவில் அந்தப் பெயர், மெயில் முகவரியில் அந்தப் பெயர், டீலர்கள் வாயிலும் அந்தப் பெயர்தான். கம்பெனி பெயரைத் தப்பாகச் சொல்கிறவன்கூட ஊத்துக்கண்ணைச் சரியாகச் சொல்வான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தண்ணி விழுகிற சத்தம் கேட்காமல் போனை வைக்கக்கூடாது. கூப்பிட்டவர் ஸ்டார்ட்டரைப் போட்டு, போனைத் தொட்டிப் பக்கம் நீட்டி, குழாயில் முதலில் காத்து வந்து, அப்புறம் துப்பி, அப்புறம் மொத்தமாகக் கொட்டுகிற சத்தம் எங்கள் காதில் விழுந்தால்தான் புகார் முடிந்தது. அதற்கு ஐந்து நிமிடம் ஆனாலும் சரி, கிழவர் வரப்பில் நடந்து போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வர நாற்பது நிமிடம் ஆனாலும் சரி, நாங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சேர்ந்த புதிதில் எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது, அதைச் சொல்லியும் விட்டேன். அப்புறம் ஒரு நாள் சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிணற்றில் இருந்து அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் மெயில் வந்தது. வடக்கே இருக்கிற பெரிய கம்பெனியோடு நீலாம்பரி இணைகிறது, ஊத்துக்கண் டீம் இனி வாடிக்கையாளர் அனுபவப் பிரிவின் பகுதி, ஆளுக்கொரு வரிசையில் வேலை, ஆளுக்கொரு தலைமை, அழைப்புக்குச் சராசரி நான்கு நிமிடம். யாருக்கும் வேலை போகவில்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சரளா மேடம் அதைச் சத்தமாகப் படித்தார். எங்கள் டீம் லீடர் அவர்தான். "சரி, வேலை இருக்கில்ல, அது போதும்," என்று எழுந்தார். எழுந்தவர் தரையைத் தொடவில்லை. ஒரு விரற்கடை இடைவெளி. குனிந்து பார்த்துவிட்டு, "செருப்பு தேஞ்சிருச்சு போல," என்று நடந்து போய்விட்டார். மத்தியானத்துக்குள் ஆறு பேருக்கும் அப்படித்தான்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேன்டீனில் எங்கள் டீயை மூடி போட்ட டம்ளரில் தர ஆரம்பித்தார்கள், ஏனென்றால் தினகரன் அண்ணன் தும்மினால் நான்கடி போய்க்கொண்டிருந்தார், டீ அவரோடு போகவில்லை. கம்பெனி டாக்டர் ஆளுக்கு முப்பது இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னார். மனிதவளத்தில் இருந்து சுற்றறிக்கை வந்தது, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நடக்கவும் என்று. ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர், கம்பியைப் பிடிக்காமல் மிதந்தால் இரண்டு டிக்கெட் என்று சொல்லிவிட்டு, பிறகு பழகிப் போய், எங்களைக் கண்டாலே ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஆரோக்கியம் சார் பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, பூசையின்போது பின்வரிசையில் மின்விசிறிக்குத் தள்ளி உட்காரும்படி சொன்னாராம். எங்கள் அம்மா மட்டும், "அதான் சொன்னேன் காலேஜுக்குப் போடின்னு," என்றாள். எது நடந்தாலும் அவளுக்கு அது ஒன்றுதான் காரணம்.

கல்லைக் கட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. தினகரன் அண்ணன் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு மூட்டையோடு மேலே போனார். கடைசியில் பவுண்டரியில் இருந்து பழைய பம்ப் வார்ப்பு ஒன்றை ஷாஜகான் அண்ணன் மடியில் வைத்தார், நின்றது. எங்கள் கம்பெனி இரும்புக்குத்தான் கட்டுப்பட்டோம். பவுண்டரி ஆட்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு வார்ப்பு எடுத்துக்கொடுத்து, எங்கள் பெயரைச் சாக்பீஸால் எழுதினார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம், போனோம். இணைப்புத் தேதி நெருங்க நெருங்க எடை குறைந்தது. அதிகம் குறைந்தது ஆரோக்கியம் சாருக்குத்தான். இருபத்தாறு வருஷம் அதே நாற்காலியில் இருந்தவர். போன வாரம் இரண்டு வார்ப்பு, நேற்று நான்கு, இன்று காலையில் ஆறு வார்ப்பைச் சுமந்துகொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். பத்து மணிக்கு வாட்ச்மேன் வந்து ஆறையும் வாங்கிக்கொண்டு போனார்.

"என்னங்க பண்றது, மேல இருந்து உத்தரவு," என்றார் வாட்ச்மேன். இணைப்பு முடிகிற வரைக்கும் ஓர் இரும்புத் துண்டுகூட வெளியே போகக்கூடாது, எது பழைய கம்பெனியுடையது எது புதுக் கம்பெனியுடையது என்று பட்டியல் போட்டு முடிக்கிற வரைக்கும் கேட் பாஸ் கிடையாது. எங்கள் வார்ப்புகளும் போயின. மற்றவர்கள் நாற்காலியில் கட்டிக்கொண்டோம். ஆரோக்கியம் சாரைக் கட்டிய கயிறு அவிழ்ந்துகொண்டது, அவர் நேராகக் கூரைக்குப் போய்த் தெர்மோகோல் தகட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன்.

டீம் கலைந்தால் கடைசியாக ஒரு மெயில் போடுவது எல்லா ஆபீசிலும் உண்டு. நன்றி, தொடர்பில் இருப்போம் என்று இரண்டு வரி, முடிந்தது. எங்களுக்கு அப்படி முடியாது. எங்கள் முகவரிக்கு எழுதிப் பழகிய டீலர்கள் அறுநூற்று நாற்பது பேர். ஆறு மணிக்கு அந்த முகவரி மூடப்பட்டால், அப்புறம் எழுதுகிறவனுக்கு ஒரு தானியங்கிப் பதில் போகும், தொண்ணூறு நாள் கழித்து அதுவும் போகாது, மெயில் திரும்பி வந்துவிடும். முடியாமல் கிடக்கிற புகார்கள் முப்பத்தொன்று. அதற்கெல்லாம் புது எண் கொடுத்திருந்தார்கள். பழைய எண்ணைச் சொன்னால் புது ஆட்களுக்கு ஒன்றும் புரியாது. ஆகவே எந்தப் பழைய எண்ணுக்கு எந்தப் புது எண், இனி எங்கே கூப்பிடுவது, யாரைக் கேட்பது என்பதெல்லாம் இந்த மெயிலில் போக வேண்டும், அதுவும் எங்கள் முகவரியில் இருந்தே போக வேண்டும். வேறு முகவரியில் இருந்து போனால் டீலர் திறக்க மாட்டான், ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுவான்.

இதை என்னிடம் ஏன் கொடுத்தார்கள் என்றால், மற்ற ஐந்து பேருடைய கணக்கும் திங்கட்கிழமையே புதுக் கம்பெனிக்கு மாறிவிட்டது. மாறியபோது ஊத்துக்கண் பெயரில் மெயில் அனுப்புகிற அனுமதியும் போய்விட்டது. பயிற்சி ஆட்களின் பட்டியலை யாரோ சேர்க்க மறந்ததால் என் கணக்கு மட்டும் மாறவில்லை. பழைய கம்பெனியில் நான் இருந்தேன், புதுக் கம்பெனியில் நான் இல்லை. கேட்டதற்கு, பார்க்கிறோம் என்றார்கள்.

வார்த்தைக்கு எடை இருக்கிறது என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. வரைவு எழுத உட்கார்ந்தேன். யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி போடச் சொல்லியிருந்தார் சரளா மேடம். 'ஷாஜகான் பாகங்களின் எண்ணைப் பார்க்காமல் சொல்வார், பதினொன்றில் ஒன்றைத் தப்பாகச் சொல்வார், தப்பென்று தெரிந்தால் தன் பைக்கில் போய் மாற்றிக் கொடுப்பார்' என்று அடித்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன். டொம் என்று அண்ணன் நாற்காலியில் விழுந்தார், டீ சட்டையில் கொட்டியது.

"யாருடி அது, பதினொன்னுல ஒன்னுன்னு கணக்கெடுத்தது?"

"நான்தான் அண்ணா. ரெண்டு மாசம் எண்ணினேன்."

"இருக்கும், இருக்கும்," என்று காலை எட்டி உதைத்துப் பார்த்தார். தரை இருந்தது. "ஏய், கால் ஊனுது பாரு!"

ஒரு மணி நேரம்தான். வெளியே போகிற மெயில் எல்லாவற்றையும் இணைப்பு அலுவலகம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், சென்னையில் நந்திதா மேடம் என்று ஒருவர். அவர் என் வரைவை எடுத்துவிட்டு வேறொன்று அனுப்பினார். 'ஒரு புதிய உற்சாகமான பயணத்தைத் தொடங்குகிறோம், எதுவும் மாறவில்லை, இன்னும் சிறப்பாகச் சேவை செய்வோம்.' அதை என் வரைவின் மேல் ஒட்டினேன். ஷாஜகான் அண்ணன் பேசிக்கொண்டே மேலே போனார்.

"நீங்க அனுப்பினது உங்களுக்கே புரியுதா?" என்று போனில் கேட்டேன் நந்திதா மேடத்தை. மேடம் என்று சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

"கோபிகா, முடிகிறது, கடைசி, மூடுகிறோம் இந்த மாதிரி வார்த்தை வரக்கூடாது. டீலர் பயந்துடுவாங்க. தனி ஆளுங்க பேரும் வேண்டாம். நான் அனுப்பினதை அப்படியே ஒட்டி அனுப்புங்க, ஒரு எழுத்துகூட மாத்தாம. சரியா?"

"முப்பத்தொரு புகார் எண் அதுல இல்லையே."

"அது வெப்சைட்ல வரும்."

"எப்ப?"

"வரும்."

இப்போது வெள்ளிக்கிழமை, இரண்டே கால். சரளா மேடம் கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"எழுது," என்றார். "ஒப்புதலை நான் பார்த்துக்கறேன். தப்புன்னா என் பேர்ல."

கணினிப் பிரிவில் இருந்து லோகநாதன் அண்ணன் வந்து கதவோரம் நின்றார். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஆறு மணிக்கு இந்த முகவரியில அனுப்பற அனுமதி போயிடும், பெட்டியைப் படிக்கத்தான் முடியும். ஒரு மெயில்ல ஐநூறு பேருக்கு மேல போட்டா வெளிய போகாது, ரெண்டாப் பிரிச்சுப் போடு. டீலர் பேரெல்லாம் மறை நகல்ல, அதான் பிசிசில போடு. இல்லைன்னா ஒருத்தன் எல்லாருக்கும் பதில் போட்டு, அறுநூறு பேரும் என்னைச் சேர்க்காதேன்னு எழுதி, திங்கக்கிழமை என் தலை உருளும். அனுப்பினா திருப்பி வாங்க முடியாது, வெளிய போனது போனதுதான். வெளி மெயில் ரெண்டு நிமிஷம் வரிசையில நிக்கும், அஞ்சு அம்பத்தெட்டுக்கு அழுத்திட்டு அப்புறம் என்னைத் திட்டக்கூடாது." சொல்லிவிட்டு மேலே பார்த்து, "வர்றேனுங்க சார்," என்றார். "வாப்பா," என்றார் ஆரோக்கியம் சார் கூரையில் இருந்து.

தலைப்பில் 'ஊத்துக்கண் டீம் இன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது' என்று போட்டேன். முதலில் வேலை விஷயம். திங்கட்கிழமை முதல் எந்த எண்ணில் கூப்பிடுவது, மொழி கேட்கும்போது தமிழுக்கு எதை அழுத்துவது, உத்தரவாத அட்டை பழையதே செல்லும், மாற்ற வேண்டாம். பிறகு முப்பத்தொரு புகாரும் வரிசையாக, ஊர், டீலர், பழைய எண், புது எண், என்ன நிலையில் கிடக்கிறது என்பது வரைக்கும். இதற்கே மூன்றரை மணி ஆகிவிட்டது. கனகு அக்கா எண்களைப் படிக்க, நான் அடிக்க, தினகரன் அண்ணன் ஒவ்வொரு டீலரையும் கூப்பிட்டுச் சரிதானா என்று கேட்டார்.

அப்புறம் ஆட்கள். ஷாஜகான் அண்ணனின் பழைய வரியையே திரும்பப் போட்டேன், இறங்கினார். 'கனகவல்லி கோபமாகப் பேசுகிறவரிடம் அதைவிடக் கோபமாகப் பேசி, கடைசியில் அவரையே சிரிக்க வைப்பார்.' இறங்கினாள். 'தினகரன் போகாத கிணறு இல்லை, எந்தக் கிணற்றுக்கும் சொன்ன நேரத்தில் போனதில்லை.' இறங்கி, "ஏம்மா, இந்த ரெண்டாவது பாதி அவசியமா?" என்றார். அழித்துக் காட்டினேன், மேலே போனார். "சரி சரி, போடு," என்றார். 'சரளா இந்த டீமில் யாருக்கும் வந்த திட்டைக் கீழே அனுப்பியதில்லை.' மேடம் இறங்கியதே தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆரோக்கியம் சாருக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. 'இருபத்தாறு வருட அர்ப்பணிப்பு' என்று போட்டேன், தெர்மோகோல் நொறுங்கியது, இன்னும் மேலே போனார். 'குரலைக் கேட்டே மோட்டாரின் கோளாறைச் சொல்வார்.' உண்மைதான், ஒரு சாண் இறங்கி நின்றார். 'தண்ணி விழுகிற சத்தம் கேட்காமல் போனை வைக்காதவர்' என்று அடித்தேன். விர்ரென்று திரும்பக் கூரைக்குப் போனார், தலை இடித்துக்கொண்டது.

மணி ஐந்து.

"அது பொய் கண்ணு," என்றார் மெதுவாக.

கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தேன்.

"ஒரு தரம் வெச்சுட்டேன். பதினாறு வருஷம் ஆச்சு. மடத்துக்குளம் பக்கம் பொங்கியம்மான்னு ஒரு அம்மா, அரை ஏக்கர் தக்காளி. மோட்டார் ஓடுது, தண்ணி வரலைன்னு கூப்பிட்டுது. தலைகீழாச் சுத்துதுன்னு நெனச்சு, ரெண்டு வயரை மாத்திக் குடுக்கச் சொல்லும்மா, வந்துரும்னேன். அன்னிக்கு எம் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல டான்ஸு. பஸ்ஸுக்கு நேரமாச்சு. சத்தம் கேக்கலை. வந்துரும்னு சொல்லி வெச்சுட்டு, முடிஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிட்டேன். போர்ல தண்ணி இறங்கிக் கெடந்துருக்கு. வெறும் மோட்டார் ராத்திரி பூரா ஓடிக் கருகிப் போச்சு. அந்தம்மா திரும்பக் கூப்பிடவே இல்லை. அதுதான்... கூப்பிட்டுத் திட்டியிருந்தாப் பரவால்லை. நாலு நாள் கழிச்சு எனக்கே மனசு கேக்காம போய்ப் பார்த்தேன். செடி பூரா சாஞ்சு கெடக்கு. அந்தம்மா மோர் குடுத்துச்சு. குடிச்சுட்டு வந்தேன், நாந்தான் அந்த ஆளுன்னு சொல்லலை."

"சார், அப்ப அந்த வழக்கம்..." என்றாள் கனகு அக்கா. பழைய முதலாளி வைத்த வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். சேர்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லியும் கொடுப்போம்.

"அடுத்த திங்கக்கிழமை நான் ஆரம்பிச்சது. முதலாளி சொன்னதா நானே புளுகினேன். எழுது கண்ணு. அந்தம்மா பேரோட எழுது."

"டீலர் எல்லாம் படிப்பாங்க சார்."

"படிக்கட்டும். நல்லதா மட்டும் எழுதிட்டு இருந்தீன்னா நான் இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

எழுதினேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். மோர் வரைக்கும் எழுதினேன். அழகுபடுத்த எனக்குத் தெரியாது, அது அன்றைக்கு உதவியது. 'அவரிடம் இருந்துதான் எங்கள் வழக்கம் வந்தது' என்று முடித்து, தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் தெர்மோகோல் தூள் என் கீபோர்டில் விழுந்தது. அப்புறம் அவர் செருப்பு. அப்புறம் அவர், கிணற்றுக்குள் மோட்டாரை இறக்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, மேஜைக்கு வந்து, நாற்காலிக்கு வந்து, உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சென்றது. இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலி அப்படித்தான் கத்துமாம். மூன்று வாரமாகக் கேட்காததால் எல்லோருக்கும் புதிதாக இருந்தது.

"அனுப்பாதே," என்றார் சரளா மேடம். "உன் பேர் இல்லையே. நீயும் இந்த டீம்தான். உண்மையா ஒரு வரி போட்டு அனுப்பு."

மணி ஐந்து முப்பத்தாறு. 'கோபிகா' என்று அடித்துவிட்டு நிறுத்தினேன். போன் அடித்தது. நந்திதா மேடம்.

"நான் அனுப்பின மெயில் இன்னும் போகலையே கோபிகா? அப்படியே ஒட்டி அனுப்பச் சொன்னேன்ல?"

சரளா மேடம் கையை நீட்டிப் போனை வாங்கினார். "நந்திதா, வேற மெயில் போகுது. நான்தான் போகச் சொன்னேன். திங்கக்கிழமை உங்க ஆபீசுக்கு வர்றேன், அங்க வெச்சுக்கலாம்," என்று சொல்லி வைத்தார். தண்ணிச் சத்தம் கேட்காமல் அந்த அறையில் ஒரு போன் வைக்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அனுப்புநர் இடத்தில் என் பெயர் இருந்ததை எடுத்துவிட்டு ஊத்துக்கண்ணைப் போட்டேன். பெறுநர் இடத்திலும் எங்கள் முகவரியையே. மறை நகலில் முதல் மெயிலுக்கு ஐநூறு, அடுத்ததற்கு நூற்று நாற்பது. ஐந்து நாற்பத்தொன்றுக்கு முதலாவது, நாற்பத்து மூன்றுக்கு இரண்டாவது. இரண்டு நிமிடம் வரிசையில் நின்று, போயின. நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் மேலே போகவில்லை. எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அதன் மேல் யாராலும் வேறொன்றை ஒட்ட முடியாது போல.

பதில்கள் வர ஆரம்பித்தன. தாராபுரம் டீலர், 'எண் சரி, நன்றி.' ஒட்டன்சத்திரம், 'என் புகார் புது எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது.' பார்த்தோம், குறைந்தது. சரி எண்ணை ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினேன். கோபிச்செட்டிபாளையம், 'தினகரன் பற்றி எழுதியது உண்மை, இரண்டாவது பாதி.' மடத்துக்குளம் டீலர், 'பொங்கியம்மாள் இருக்கிறார். படித்துக் காட்டுகிறேன்.' ஆரோக்கியம் சார் அதை இரண்டு தடவை படித்தார், எழுந்து போய் மூஞ்சி கழுவிவிட்டு வந்தார். பெருந்துறையில் இருந்து ஒருவர் ஒரே வரி கேட்டிருந்தார்: 'புது எண்ணில் தண்ணிச் சத்தம் கேட்டுவிட்டு வைப்பார்களா?' தெரியாது என்று அடித்து அனுப்பப் போனேன், அனுப்பும் பொத்தான் மங்கிப்போயிருந்தது. ஆறு மணி.

வாட்ச்மேன் வந்து கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார். அதுவும் பட்டியலில் இருக்கிறதாம். ஐந்து பேரும் வெளியே நடந்தார்கள், பவுண்டரி மணலில் சரக் சரக்கென்று சத்தம் வந்தது, பவுண்டரி ஆட்கள் கரண்டியை வைத்துவிட்டு அதைக் கேட்டார்கள். கேட்டுக்கு வெளியே வானம் திறந்து கிடந்தது. ஆரோக்கியம் சார் ஒரு நிமிடம் தயங்கி, ஒரு காலை வைத்து, இன்னொரு காலையும் வைத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்.

ஏழாம் நம்பர் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல, "ஜன்னலைச் சாத்துங்க," என்றார்.

"வேண்டாம்ப்பா, தொறந்தே இருக்கட்டும்," என்றார் ஆரோக்கியம் சார்.

"அப்ப இந்தப் பொண்ணு?" என்றார் கண்டக்டர், என் காலைக் காட்டி.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். படிக்கு நான்கு விரல் மேலே நின்றுகொண்டிருந்தேன்.

"கோபிகா," என்றார் சரளா மேடம். "உன் பேரைப் போடுன்னு சொன்னனா இல்லையா?"

சொன்னார். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அடித்தும் பார்த்தேன். 'கோபிகா பத்து மாதம் இருந்தாள், தண்ணிச் சத்தத்தை முதலில் வெட்டி வேலை என்றாள்' என்று அடித்தபோது என் பெருவிரல் தரையைத் தொட்டது, சில்லென்று இருந்தது. அறுநூற்று நாற்பது பேர் அதைப் படிப்பார்களே என்று கூச்சமாகவும் இருந்தது, அந்த வரியை அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.